மூத்த ஊழியர் தொடர்ந்து மரியாதைக் குறைவாக நடக்கிறார்: எச்.ஆரிடம் ரகசியச் சந்திப்பு கேட்டு எழுதும் கடிதம் பற்றிய கேள்வி பதில்கள்

"ஏற்காட்டில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறேன். எனக்குச் சீனியர் ஒருவர் ஆறு மாதமாக கெஸ்ட் முன்னாலேயே மட்டம் தட்டிப் பேசுகிறார். எச்.ஆர். மேடம் சேலம் ஆபீஸில் இருக்கிறார். மற்றவர்களுக்குத் தெரியாமல் அவரிடம் பேச வேண்டும். என்ன எழுதுவது?"

முதலில் எழுத வேண்டியது அரைப் பக்கக் கடிதம் ஒன்றுதான். என்ன நடக்கிறது என்று ஒரு வரி, தேதியோடு ஓரிரு சம்பவம், தனியாகப் பேச நேரம் வேண்டும் என்ற கோரிக்கை, எந்த வகையில் ரகசியம் வேண்டும் என்ற விவரம். இவ்வளவு போதும். சேலத்தில் நூற்பாலை, ஹோட்டல் என்று பல இடங்களில் எச்.ஆர். வேலை பார்த்தவள் என்ற முறையில் இப்படிப்பட்ட கடிதங்கள் நிறையப் படித்திருக்கிறேன். எந்தக் கடிதத்துக்கு மறுநாளே போன் வரும், எது மேஜையிலேயே கிடக்கும் என்பது பெரும்பாலும் எழுதிய விதத்தில்தான் இருக்கிறது. இந்தப் பெண்ணின் நிலைமையையே எடுத்துக்கொண்டு, அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளுக்கும் கீழே பதில் சொல்கிறேன்.

"நடந்தது எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? எதற்குத் தனியாக ஒரு சந்திப்பு?"

முழு விவரத்தோடு எழுத்தில் போனால் அதைப் பல நிறுவனங்களில் முறையான புகாராகவே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அது கோப்பில் ஏறும். எதிர்த்தரப்புக்கு அதன் நகல் போகலாம், விளக்கம் கேட்பார்கள், சாட்சிகளைக் கூப்பிடுவார்கள். அது தவறான வழி இல்லை. சில சமயம் அதுதான் சரியான வழி. ஆனால் அந்த வழியில் இறங்குவதா வேண்டாமா என்பதை நீங்கள் யோசித்து முடிவு செய்ய வேண்டும். கடிதம் போன கையோடு அந்த முடிவு உங்கள் கையை விட்டுப் போய்விடக் கூடாது.

சந்திப்பு கேட்கும் கடிதம் அந்த இடைவெளியைத் தருகிறது. எச்.ஆரிடம் நேரில் சொல்லி, என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன தெரியவரும் என்று கேட்டுக்கொண்டு, பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

அதற்காக "ஒரு தனிப்பட்ட விஷயம் பேச வேண்டும்" என்று மட்டும் எழுதினாலும் சரிவராது. எச்.ஆருக்கு லோன், லீவு, சம்பளப் பிடித்தம் என்று நாளெல்லாம் 'தனிப்பட்ட விஷயம்'தான். ஏற்காட்டில் ஏப்ரல், மே என்றால் ரூம் எல்லாம் நிரம்பியிருக்கும், ஆள் போதாது. "சீசன் முடிஞ்சு பேசலாம்மா" என்று சொல்லிவிடுவார்கள். விஷயம் இன்னது, தொடர்ந்து நடக்கிறது என்பது முதல் இரண்டு வரியிலேயே தெரிய வேண்டும்.

"சீனியர் என்றால் நாலு வார்த்தை திட்டத்தானே செய்வார் என்று சொல்லிவிட்டால்? கண்டிப்பையும் மரியாதைக் குறைவையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது?"

எச்.ஆர். மனதில் முதலில் எழும் கேள்வியும் இதுதான். அதனால் கடிதமே இதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும். நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். பேச்சு வேலையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? எல்லாரிடமும் அப்படியா, இவரிடம் மட்டுமா? தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாரா, நாலு பேர் முன்னால் சொன்னாரா?

"புக்கிங்கைச் சரிபார்க்காமல் ரூம் கொடுத்துட்டே, இனிமே இப்படிச் செய்யாதே" என்று குரலை உயர்த்திச் சொன்னால் அது கண்டிப்பு. வருத்தமாக இருக்கும், ஆனால் புகாராகாது. செக்-இன் செய்ய நிற்கும் குடும்பத்தின் முன்னால் "இவளுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது, நீங்க என்கிட்ட பேசுங்க" என்று சொன்னால், அந்த வாக்கியத்தில் வேலையே இல்லை, ஆள் மட்டும்தான் இருக்கிறாள். இந்தப் பெண் சொன்ன சம்பவத்தில், அன்றைக்குப் புக்கிங் குழப்பமே சேலம் ஆபீஸில் ஒரே அறையை இரண்டு பேருக்குப் பதிந்ததால் வந்தது. தப்பு அவள் மீது இல்லாதபோதும் அவளைத்தான் அப்படிச் சொன்னார் என்பது அழுத்தமான விவரம். நேரில் பேசும்போது அதை விட்டுவிடக் கூடாது.

கூப்பிடும் விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் வயதில் சின்னவரைக்கூட "வாங்க, சொல்லுங்க" என்று பேசும் வழக்கம் உண்டு. பழகினவர்கள் "நீ, வா" என்பதும் உண்டு. அவர் எல்லாரையுமே ஒருமையில் பேசுபவர் என்றால், அதை மட்டும் குற்றமாகக் காட்ட முடியாது. மற்ற நான்கு பேரையும் பெயர் சொல்லி "ங்க" போட்டுப் பேசிவிட்டு, ஒருவரை மட்டும் "ஏய்", "வாடி இங்க" என்று கூப்பிட்டால் அந்த வித்தியாசமே விஷயம். "என்னை மட்டும் இப்படி அழைக்கிறார், அதே ஷிஃப்டில் உள்ள மற்றவர்களை அப்படி அழைப்பதில்லை" என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால் எச்.ஆருக்கு உடனே பிடிபடும்.

"எதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும்? எனக்குத் தேதி எதுவுமே நினைவில்லை."

இன்றிலிருந்து ஆரம்பியுங்கள். சொந்த நோட்டு ஒன்று போதும். ஹோட்டல் லாக் புக்கிலோ ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ வேண்டாம். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எந்த இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், அதனால் வேலையில் என்ன ஆனது என்று எழுதி வையுங்கள். அன்றைக்கே எழுதியது நம்பகமாக இருக்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் பத்து சம்பவம் எழுதினால் படிப்பவருக்கும் அது தெரியும்.

பழைய சம்பவங்களின் தேதியை மற்ற ஆதாரங்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதியது தேதியோடு இருக்கும். டூட்டி ரோஸ்டரைப் பார்த்தால் இருவரும் எந்த நாட்களில் ஒரே ஷிஃப்டில் இருந்தீர்கள் என்பது தெரியும். கோடை விழா சமயம், பொங்கல் கூட்டம் என்று நினைவில் நிற்பதை வைத்தும் நெருங்கலாம். அப்படியும் கிடைக்காவிட்டால் "ஏப்ரல் கடைசி வாரம், காலை ஷிஃப்ட்" என்று எழுதுங்கள். தெரியாத தேதியைத் தெரிந்ததுபோல் எழுத வேண்டாம். ரோஸ்டரோடு ஒத்துப்போகாத ஒரு தேதி, மற்ற எல்லாத் தேதியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

'வேலையில் என்ன ஆனது' என்பதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பெண்ணிடம் கேட்டபோது முதலில் "மனசு கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். பேசப் பேசத்தான் வந்தது: ஷிஃப்ட் மாறும்போது அவர் ஹேண்ட் ஓவர் சொல்வதில்லை, சாவிக்கொத்தை மேஜையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் காலை 6 மணிக்குக் கிளம்பும் கெஸ்ட் யார் என்று இவளுக்குத் தெரியாது. ஒருநாள் பில் தயாராக இல்லாமல் ஒரு குடும்பம் முக்கால் மணி நேரம் நின்றது. மனக்கஷ்டம் உண்மை, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் நிர்வாகத்துக்கு அதன் சொந்தக் கணக்கிலேயே புரியும்.

"மாதிரிக் கடிதம் ஒன்று கிடைக்குமா? தமிழில் எழுதினால் மதிப்பார்களா?"

தமிழில் எழுதலாம். அவர் சொன்ன வார்த்தைகளைத் தமிழில்தான் சரியாகப் பதிவு செய்ய முடியும். ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம்தான் என்றால் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, சொன்ன வார்த்தையை மட்டும் தமிழிலேயே விட்டுவிடுங்கள்.

இந்தப் பெண் முதலில் எழுதி வந்ததில் ஒரு வரி இப்படி இருந்தது: "அவர் எப்போதும் திமிராக நடந்துகொண்டு என்னை எல்லோர் முன்னும் கேவலப்படுத்துகிறார், அவரால் யாருக்கும் நிம்மதி இல்லை." அவள் பட்டது முழுக்க அந்த வரியில் இருக்கிறது. ஆனால் எச்.ஆர். சரிபார்க்கக்கூடியது எதுவும் இல்லை. 'திமிர்' என்பது அவரைப் பற்றிய நம் தீர்ப்பு. 'எப்போதும்' என்றால் ஒரு நாள் நன்றாகப் பேசியதைக் காட்டி மறுத்துவிடுவார். 'யாருக்கும் நிம்மதி இல்லை' என்றால் மற்றவர்களைக் கேட்பார்கள், பயத்தில் அவர்கள் "எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்து மாற்றி எழுதினோம். கடைசியில் போன கடிதம் இது:

> அனுப்புநர்: (பெயர், பணியாளர் எண்), ரிசப்ஷன், ஏற்காடு
>
> பெறுநர்: மேலாளர், மனிதவளத் துறை, சேலம் அலுவலகம்
>
> நாள்: மே 9
>
> பொருள்: பணி தொடர்பாகத் தங்களைத் தனியே சந்திக்க நேரம் கோருதல்
>
> மதிப்பிற்குரிய மேடம்,
>
> வணக்கம். ரிசப்ஷனில் என்னுடன் பணிபுரியும் மூத்த ஊழியர் ஒருவர் கடந்த நவம்பர் முதல் என்னிடம் தொடர்ந்து மரியாதைக் குறைவாகப் பேசி வருகிறார். இது குறித்துத் தங்களிடம் நேரில், தனியாகப் பேச விரும்புகிறேன்.
>
> உதாரணமாக, ஏப்ரல் 27 அன்று காலை சுமார் 11 மணிக்கு, செக்-இன் செய்ய வந்திருந்த விருந்தினர் குடும்பத்தின் முன்னிலையில், "இவளுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது, நீங்க என்கிட்ட பேசுங்க" என்றார். மே 4 அன்று இரவு ஷிஃப்ட் மாறும்போது நான் ஹேண்ட் ஓவர் கேட்டதற்கு, "உனக்கெல்லாம் சொல்லணுமா, போடி" என்று சொல்லிச் சாவிகளை மேஜையில் வீசிவிட்டுச் சென்றார். அதனால் மறுநாள் காலை ஒரு விருந்தினரின் பில் தாமதமானது. அதே ஷிஃப்டில் உள்ள மற்றவர்களிடம் அவர் இவ்வாறு பேசுவதில்லை. மற்ற நிகழ்வுகளையும் தேதியுடன் குறித்து வைத்துள்ளேன், நேரில் காட்டுகிறேன்.
>
> சந்திப்பை ஏற்காட்டில் வைக்காமல், சேலம் அலுவலகத்தில் எனது வார விடுமுறையான செவ்வாய்க்கிழமை வைத்தால் உதவியாக இருக்கும். அது இயலாவிட்டால் முதலில் தொலைபேசியில் பேசவும் தயார். நாம் பேசி முடிவு செய்யும் வரை, இந்தக் கடிதம் பற்றி என் துறையில் எவரிடமும் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிலை எனது சொந்தக் கைபேசிக்கு அல்லது சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)

இதில் அந்தச் சீனியரின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடிதத்தை எச்.ஆர். ஒருவர் மட்டும்தான் படிப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் பெயரை எழுதலாம், எழுதுவது நல்லதும்கூட. ஆனால் பல அலுவலகங்களில் எச்.ஆர். மெயிலை உதவியாளரும் பார்ப்பார். அந்தச் சந்தேகம் இருந்தால் பெயரை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

"நடவடிக்கை எடுக்க வேண்டும்", "அவரை மாற்ற வேண்டும்" என்று இந்தக் கடிதத்தில் எதுவும் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டோம். இந்தக் கட்டத்தில் கேட்பது நேரம் மட்டும்தான்.

"மெயிலா, தபாலா, கையில் கொடுப்பதா?"

மெயில்தான் வசதி, எப்போது அனுப்பினோம் என்பதும் பதிவாகும். பொருள் வரியில் 'புகார்', 'அவமரியாதை', பெயர் எதுவும் வேண்டாம். எச்.ஆர். திரையைப் பக்கத்துச் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலும் சாதாரண வரியாகத் தெரிய வேண்டும். CC-யில் யாரையும் போடாதீர்கள். ரிசப்ஷனுக்குப் பொதுவான மெயில் ஐடி இருந்தால் அதிலிருந்து அனுப்பவே கூடாது, ஷிஃப்டில் இருக்கும் எல்லாரும் அதைத் திறப்பார்கள்.

தாளில் கொடுப்பதானால் ஹோட்டல் பிரிண்டரில் எடுக்க வேண்டாம். ஹோட்டலிலிருந்து சேலம் ஆபீஸுக்குப் போகும் தபால் பையிலும் போட வேண்டாம். அங்கே இன்வார்டு ரிஜிஸ்டரில் பதிபவர் உறையைப் பிரித்து, பொருளை எழுதிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். உறையை ஒட்டி, மேலே எச்.ஆர். பெயரையும் 'அவர் மட்டும் பிரிக்கவும்' என்பதையும் எழுதி நேரில் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

"எங்கே சந்திப்பது? எங்கள் ஊரில் எதைச் செய்தாலும் சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்."

ஏற்காடு போன்ற இடத்தில் கடிதத்தைவிட இது பெரிய சிக்கல். ஆட்கள் ஒரே குவாட்டர்ஸில் தங்குகிறார்கள், ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். எச்.ஆர். மலையேறி வந்து ஒரு பெண்ணை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினால், கதவு திறப்பதற்குள் விஷயம் சமையலறை வரை போயிருக்கும். ஏரிப் பக்கத்து டீக்கடை, காபி கடை எல்லாம் கூடவே கூடாது. உள்ளூர்க்காரர் யாராவது ஒருவர் எப்படியும் பார்ப்பார்.

வார விடுமுறையில் சேலம் இறங்குவது நல்ல வழி. சுமார் 30 கிலோமீட்டர், வளைவு எல்லாம் சேர்த்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். மலையில் வேலை பார்ப்பவர்கள் லீவு நாளில் துணிமணி வாங்க, ஆஸ்பத்திரி போக சேலம் வருவது வழக்கம்தான், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். ஆனால் விடுமுறை நாளில் வேலை விஷயமாக வரச் சொன்னால் அந்த நேரத்துக்கு மாற்று விடுப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறில்லை.

சேலம் வர முடியாவிட்டால் இன்னொரு வழி சொல்கிறேன். பி.எஃப். நாமினி திருத்தம், இ.எஸ்.ஐ. விவரம் சரிபார்ப்பு என்று எச்.ஆர். அவ்வப்போது எல்லா ஊழியரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு உங்கள் முறை பத்து நிமிடம் நீண்டால் யார் கண்ணிலும் படாது. "அப்படி ஒரு நாளில் பேசலாமா" என்று நீங்களே கேட்கலாம். நல்ல எச்.ஆர். இதை ஏற்பாடு செய்து தருவார்.

"ரகசியம் என்று சொன்னால் அவருக்குக் கடைசி வரை தெரியாமல் இருக்குமா?"

இருக்காது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு போவது மிக முக்கியம், ஏனென்றால் பலர் மனம் உடைவது இந்த இடத்தில்தான். எச்.ஆர். தரக்கூடிய ரகசியம் என்பது, தேவைப்படுபவருக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் தெரிவிப்பது. ஒருவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றால், அவர் மீது சொல்லப்பட்டது என்ன என்று அவருக்குச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அது நியாயமான விசாரணையின் அடிப்படை. "ஏப்ரல் 27, செக்-இன் கவுன்டர்" என்று சொன்ன மாத்திரத்தில் யார் சொன்னார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அங்கே நின்றது நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே சந்திப்பில் முதலில் கேட்க வேண்டியது, "என் பெயர் எந்தக் கட்டத்தில் அவருக்குத் தெரியவரும்? அதற்கு முன்னால் எனக்குச் சொல்வீர்களா?" இதற்கு நேரான பதில் வந்த பிறகு மற்றதைப் பேசுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அன்றைக்கு நோட்டு முழுவதையும் கொடுத்துவிட வேண்டியதில்லை. இரண்டு சம்பவம் சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வரலாம்.

பெயர் வெளியே தெரியாமலே செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. ஷிஃப்டை மாற்றி இருவரையும் வேறு நேரத்தில் போடலாம். எல்லா ஊழியருக்கும் கெஸ்ட் முன்னால் பேசும் முறை பற்றிப் பொதுவாக ஒரு கூட்டம் போடலாம். ஹேண்ட் ஓவரை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் கையெழுத்தோடு கட்டாயமாக்கலாம். இந்தப் பெண்ணின் விஷயத்தில் கடைசியாகச் சொன்னதற்குப் பெரிய பலன் இருந்தது. பேச்சுத் தொல்லையில் பாதி, ஷிஃப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. ஷிஃப்ட் மாற்றம் கேட்பதாக இருந்தால், மாறப்போவது யார் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். தொல்லைக்கு ஆளானவரை இரவு ஷிஃப்டுக்குத் தள்ளி 'தீர்த்துவிட்டோம்' என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அது தீர்வு இல்லை, தண்டனை.

இதற்கும் அவர் அடங்காவிட்டால் முறையான புகார்தான். அப்போது பெயர் தெரியத்தான் செய்யும்.

"அவர் பேச்சில் ஜாதியும் வருகிறது / ஆபாசமாகவும் பேசுகிறார். அதற்கும் இதே கடிதம்தானா?"

இல்லை. அங்கே சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது, இந்தக் கடிதத்தோடு நின்றுவிடக் கூடாது.

பெண்ணிடம் பாலியல் ரீதியான பேச்சு, சைகை, தொடுதல் என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரை அந்தக் குழுவிடம், கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் வரை நீட்டிக்கலாம். ஆள் குறைவாக இருந்தாலோ, செய்தது முதலாளியே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். புகார் கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எச்.ஆரைச் சந்தித்துவிட்டோம், பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருப்பதில் அந்த 3 மாதம் ஓடிப்போய்விடக் கூடாது. எச்.ஆரிடம் வாயால் சொன்னது குழுவிடம் கொடுத்த புகார் ஆகாது.

ஜாதி விஷயத்தை ஏற்காட்டில் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த ஹோட்டல்களிலும் எஸ்டேட்களிலும் வேலை செய்கிறார்கள். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, அந்தப் பிரிவைச் சேராத ஒருவர், பிறர் பார்வையில் படும் இடத்தில் ஜாதியைச் சொல்லி ஏசினால், அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் உரிமை உண்டு, எச்.ஆர். அனுமதி தேவையில்லை. எச்.ஆரிடமும் சொல்லலாம். ஆனால் "உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்று சொன்னால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

இந்த இரண்டும் இல்லாத வெறும் அவமரியாதைக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அதனால்தான் நிறுவனத்துக்குள் எழுதும் கடிதத்தை இவ்வளவு கவனமாக எழுத வேண்டியிருக்கிறது.

"எங்கள் கம்பெனியில் எச்.ஆர். என்று தனியாக யாரும் இல்லை. இருப்பவரும் அந்தச் சீனியரின் சொந்தக்காரர்."

சேலத்தில் சேகோ ஆலை, வெள்ளிப் பட்டறை, விசைத்தறிக் கூடம் என்று குடும்பமாக நடத்தும் தொழில்களில் இது சகஜம். கணக்குப் பார்ப்பவரே எச்.ஆரும். அங்கே நேராக முதலாளிக்கு எழுதுங்கள், கடிதம் அதே வடிவம்தான். பங்குதாரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால், அந்தச் சீனியரோடு அன்றாட வேலைத் தொடர்பு குறைவாக உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். சொந்தக்காரர் என்பதைக் கடிதத்தில் குற்றமாக எழுத வேண்டாம். "இருவரும் தினமும் சேர்ந்து பணிபுரிவதால் தங்களிடம் நேரடியாகத் தெரிவிக்கிறேன்" என்றால் புரிந்துகொள்வார்கள்.

20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் இருந்தால் குறைதீர்ப்புக் குழு ஒன்று சட்டப்படி இருக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் இருப்பார்கள். இருக்கிறதா, யார் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஆர். வழி அடைபட்டால் அடுத்தது அதுதான்.

"அவர் பேசுவதைப் போனில் ரெக்கார்டு செய்து கொண்டு போகலாமா?"

நான் சொல்லமாட்டேன். பல நிறுவனங்களின் விதிகளில் பணியிடத்தில் பதிவு செய்யத் தடை இருக்கிறது. முதல் கேள்வியே "நீ எப்படி ரெக்கார்டு செய்தாய்?" என்று உங்கள் பக்கம் திரும்பிவிடும். ரிசப்ஷனில் என்றால் கெஸ்ட் குரலும் பதிவாகும், அது இன்னும் வம்பு. அன்றன்றைக்கு எழுதிய நோட்டும் வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டும் இந்தக் கட்டத்துக்குப் போதும்.

"கடிதம் கொடுத்து ஒரு வாரம் ஆயிற்று. பதிலே இல்லை."

மூன்று நான்கு வேலை நாள் பொறுத்திருந்தால் போதும். அதற்குப் பிறகு அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு வரி: "மே 9 அன்று அனுப்பிய கோரிக்கை குறித்துத் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்." விவரம் எதையும் திரும்ப எழுத வேண்டாம், கோபமும் வேண்டாம். அதற்கும் ஒரு வாரம் பதில் இல்லையென்றால் எச்.ஆருக்கு மேலே உள்ளவருக்கு அந்த இரண்டு மெயிலையும் சேர்த்து அனுப்பலாம். தாண்டிப் போகிறோமே என்று தயங்க வேண்டாம், இரண்டு முறை கேட்ட பிறகுதான் போகிறீர்கள்.

இதற்கிடையில் புதிதாக ஏதாவது நடந்தால் நோட்டில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் எச்.ஆருக்கு மெசேஜ் அனுப்பினால் கடிதத்தின் கனம் குறைந்துவிடும். அடி, மிரட்டல் என்று போனால் மட்டும் காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.

"சந்திப்பு நடந்துவிட்டது. பிறகு என்ன? அவர் பழிவாங்கினால்?"

அன்று சாயங்காலமே ஐந்தாறு வரியில் ஒரு மெயில் அனுப்புங்கள். இன்று பேசினோம், நான் சொன்னவை இவை, நீங்கள் செய்வதாகச் சொன்னது இது, இன்ன தேதிக்குள் பதில் சொல்வதாகச் சொன்னீர்கள் என்று. எச்.ஆர். நல்லவராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். நாளைக்கு அவர் வேலை மாறிப் போனால், அடுத்து வருபவருக்கு இருக்கும் ஒரே பதிவு இதுதான். இந்தப் பெண் அனுப்பியதில், "ஹேண்ட் ஓவர் படிவம் ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்றும், ஜூன் 15 அன்று மீண்டும் பேசலாம் என்றும் தெரிவித்தீர்கள்" என்று இருந்தது. அந்தத் தேதிகள் எழுத்தில் இருந்ததால் ஜூன் 15 அன்று எச்.ஆரே போன் செய்தார்.

பழிவாங்கல் பெரும்பாலும் திட்டாக வராது. லீவு கேட்டால் மறுப்பது, ரோஸ்டரில் தொடர்ந்து இரவு ஷிஃப்ட், டிப்ஸ் பங்கில் பெயர் விடுபடுவது, திடீரென்று சின்ன விஷயத்துக்கெல்லாம் மெமோ என்று வரும். அதனால் கடிதம் கொடுப்பதற்கு முன்னாலேயே கடந்த மூன்று மாத ரோஸ்டரையும், உங்கள் வேலையைப் பாராட்டி கெஸ்ட் எழுதியது ஏதாவது இருந்தால் அதையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பு மாதம் நான்கு இரவு ஷிஃப்ட் இருந்தது, கடிதத்துக்குப் பிறகு பதினொன்றாகிவிட்டது என்றால் இரண்டு ரோஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே மெயில் தொடரில் எச்.ஆருக்கு அனுப்புங்கள்.